நீங்க பாத்துக் குடுங்க

என் அம்மா ஒரு நாளைக்கு நாற்பது பேரை அதட்டுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"தாடையத் தூக்குங்க. தோள முன்னால தள்ளுங்க. மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இதைச் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவாள். அப்புறம், "விடலாம்." அவ்வளவுதான், எக்ஸ்ரே முடிந்தது. ஒருமுறை மீசை வைத்த போலீஸ் அதிகாரி ஒருவரை நிற்க வைத்துவிட்டு "விடலாம்" சொல்ல மறந்துவிட்டாளாம். அந்த மனிதர் முகம் ஊதா நிறத்துக்குப் போகும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். அம்மாவின் குரலுக்கு அப்படி ஒரு மரியாதை.

அந்த அறையை விட்டு வெளியே வந்தால் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. தையல்காரர் சட்டையின் கையைக் கோணலாகத் தைத்துக் கொடுத்தால், "நல்லாருக்குண்ணே" என்று வாங்கி வந்து, கையைக் கோணலாக வைத்துக்கொண்டு நடப்பாள். பேருந்தில் நடத்துநர் மீதிச் சில்லறை தராவிட்டால், இறங்கும்வரை அவர் முதுகையே பாசமாகப் பார்ப்பாள். கேட்க மாட்டாள். கேட்பது என்பது அவளைப் பொறுத்தவரை சட்டையில்லாமல் தெருவில் நிற்பது மாதிரி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது, அதன் சொந்தக்கார டாக்டர், "எவ்வளவும்மா எதிர்பார்க்கிற?" என்று கேட்டார். அப்போது எனக்கு ஆறு வயது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பாத்துக் குடுங்க சார்."

அவரும் பார்த்துக் கொடுத்தார். பதினொரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்ததில் சம்பளம் முப்பத்தோராயிரத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் அவருக்குக் கண் தெரியவில்லை.

இந்த வருஷம் அவர் எக்ஸ்ரே மெஷினை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். ரெண்டு மாசம் அவகாசம். அம்மா ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று மட்டும் கூப்பிட்டது. போய் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, ஒரு பொம்மையைப் படுக்க வைத்து இடுப்பு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டு வந்தாள். "பொம்மைகிட்டயும் மூச்சப் பிடிங்கன்னு சொல்லிட்டேன்டீ" என்று வெட்கப்பட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

அம்மா போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடான பாத்திரத்தைத் தூக்கி வருவது போல அடுக்களையிலிருந்து வந்தாள். நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் படிக்கத் தெரியாதவள் என்று ரெண்டு தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சம்பளம் என்று போட்ட கடிதத்தை நான் நன்றாகவே படிப்பேன். முப்பத்தாறாயிரம். இரண்டாம் கிரேடு. முன் அனுபவம் நான்கு ஆண்டுகள். ஏழு நாளில் சம்மதம் தெரிவிக்கவும்.

"அஞ்சாயிரம் கூட!" என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர். உடனே "மிக்க நன்றி, சம்மதம்" என்று டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

நான் போனைப் பிடுங்கினேன்.

"என்னது நாலு வருஷம்? நீ பதினோரு வருஷமா இந்த வேலையப் பாக்கல?"

அம்மா குற்றவாளி மாதிரி நின்றாள். "அது வந்து... வேலைக்கு எடுத்த ஆர்டரு டாக்டர் நாலு வருஷம் முன்னாடிதானே பேப்பர்ல குடுத்தாரு. அதுக்கு முன்னாடி சம்பளம் கையில குடுத்ததுதானே. பேப்பர் இல்லாதத எப்படி எழுதறது? அதான் விண்ணப்பத்துல நாலுன்னு போட்டேன்."

ஏழு வருஷத்தை, கையில் ரசீது இல்லை என்பதற்காக, குப்பையில் போட்டுவிட்டாள். இப்படி ஒரு நேர்மையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவரிடமிருந்தும் ஏதாவது பிடுங்கியிருப்பேன்.

அப்பா வேலை முடிந்து வந்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"குடுக்கறாங்கல்ல, வாங்கிக்கோ. கேட்டேன்னு வெச்சுக்க, இவ வேணாம்னு அடுத்த ஆளக் கூப்பிட்டுருவான். வரிசையில நூறு பேர் நிக்கறான்."

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"நாளைக்கே டாக்டர்கிட்ட நின்னுக்கறேன்னு சொல்லிரு. அவரும் சந்தோஷப்படுவாரு."

"ஆமாங்க."

"அப்பா, ரெண்டு பஸ் மாறிப் போகணும். ராத்திரி எமர்ஜென்சின்னா கூப்பிடுவாங்களாம், அதுவும் போட்டிருக்கு. அஞ்சாயிரம் எங்க நிக்கும்?"

"நீ மொதல்ல பரீட்சையில நில்லு" என்றார் அப்பா. நியாயமான பேச்சு. நான் வாயை மூடிக்கொண்டேன், சுமார் அரை நிமிஷம்.

அம்மாவின் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். அம்மாவை விடச் சின்னவள், ஆனால் வாய் பெரியது. அவளுக்கு நானே போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலில் கேட்ட கேள்வி: "சரின்னு அனுப்பிட்டாங்களா?"

"இல்லக்கா, பிடுங்கிட்டேன்."

"நல்லவேளை. உனக்குக் கோயில் கட்டணும். போன ஸ்பீக்கர்ல போடு."

அவள்கூடப் படித்த ஒருத்தி அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாளாம். எல்லாம் கிரேடு கணக்கு. எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு, எட்டைத் தாண்டினால் மூன்று. மூன்றாம் கிரேடு நாற்பத்தோராயிரத்தில் ஆரம்பித்து நாற்பத்தஞ்சு வரை போகும். "அக்கா, கேளுங்க, அப்புறம் வருஷா வருஷம் ஏத்தறதெல்லாம் இந்த மொத நம்பர் மேலதான். இதுல விட்டீங்கன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் விட்டீங்க."

"கேட்டா வேலைய ரத்து பண்ணிட்டாங்கன்னா?" என்றாள் அம்மா. அவள் பயமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. ரெண்டு மாசத்தில் இங்கே மெஷின் போய்விடும். அங்கேயும் இல்லை என்றால் எங்கேயும் இல்லை.

"மரியாதையா கேட்டா யாரும் ரத்து பண்ண மாட்டாங்கக்கா. மிரட்டினா, பொய் சொன்னா, சரின்னு சொல்லிட்டு அப்புறம் மாத்திப் பேசினாத்தான் வம்பு. இன்னிக்கு ஒரே ஒரு வேலை. நன்றி, ரொம்ப சந்தோஷம், கடிதத்தப் படிச்சிட்டு புதன்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு ரெண்டு வரி அனுப்புங்க. டாக்டர்கிட்ட மூச்சு விடாதீங்க. புதுக் கடிதம் கையில வர்ற வரைக்கும் ராஜினாமாவே கிடையாது."

"மூச்சு விடாதேன்னு எனக்கே சொல்றா பாரு" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் ரெண்டு வரி அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் "நன்றி, காத்திருக்கிறோம்" என்று அங்கிருந்து பதில் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. அப்பா மட்டும் கொஞ்சம் ஏமாற்றமாகத் தெரிந்தார்.

நான் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். வேறு ஆஸ்பத்திரி பெயரில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு ஆஃபர் கடிதம் தயாரித்துவிடலாம். முத்திரைகூட செய்துவிடுவேன், பாதி உருளைக்கிழங்கு போதும். இந்தத் தொழில்நுட்பத்தில்தான் ஆறாம் வகுப்பிலிருந்து விடுப்புக் கடிதம் கொடுத்து வந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் எக்ஸ்ரே எடுக்கும் சக்தி உண்டு.

"இல்லாத எலும்ப படத்துல வரைஞ்சா என்னாகும் தெரியுமா? ஆபரேஷன் பண்ணும்போது தெரிஞ்சிரும். எனக்கு இருக்கிறத மட்டும் வெச்சு கேக்கத் தெரிஞ்சா கேக்கறேன். இல்லேன்னா வேணாம்."

இருப்பது என்ன என்று தேடினோம். அப்போதுதான் அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். மூணு மாசத்துக்கு ஒருமுறை அதை ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பெயர், பேட்ஜ் எண், அளவு, தேதி எல்லாம் போட்டு ஒரு தாள் வரும். அம்மா ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் எடுத்து டப்பாவில் வைத்திருந்தாள். சேர்ந்த முதல் மூணு மாசத்திலிருந்து.

"இது பேப்பர் இல்லையா?" என்றேன்.

"இது... கதிரு கணக்குடீ."

"உன் பேரு இருக்கு. தேதி இருக்கு. எக்ஸ்ரே அறையில நிக்காதவளுக்கு இது எப்படி வரும்? பால்காரருக்கு வருமா?"

அம்மா முதல் தாளை எடுத்தாள். மஞ்சளாகியிருந்தது. பதினொரு வருஷத்துக்கு முந்திய தேதியின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அந்த டாக்டர் எழுதித் தராத ஏழு வருஷத்தையும் யாரோ ஒரு சோதனைக்கூடத்துக்காரர், அம்மாவை நேரில் பார்க்காமலே, எழுதி வைத்திருந்தார்.

தரையில் வரிசையாகப் பரப்பினோம். வருஷத்துக்கு நாலு வீதம் நாற்பத்து நாலு இருக்க வேண்டும். நாற்பத்து மூன்றுதான் இருந்தது. எது இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லவில்லை.

எனக்குப் பதிமூணு வயதில் நான் அந்த பேட்ஜைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். பொய் சொல்பவர் பக்கத்தில் வந்தால் இது கண்டுபிடித்துவிடும் என்று சொல்லி வகுப்பையே ஆட்டி வைத்தேன். அறிவியல் வாத்தியார்கூட ஒரு அடி தள்ளி நின்றார். சாயங்காலம் அது தொலைந்துபோயிருந்தது. அம்மா சோதனைக்கூடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் திட்டு வாங்கி, புது பேட்ஜுக்குத் தன் கையிலிருந்தே கட்டினாள். விளக்கத்தில் "என் கவனக்குறைவால்" என்று எழுதியிருந்தாள். அந்த மூணு மாசத்துக்குத் தாள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆரம்பித்தது. நான்தான் ஆஸ்பத்திரியின் ஹெச்.ஆர். மேடம். தலையணை உறையைத் தோளில் போட்டு, அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க, எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

"மேடம், மூணாம் கிரேடு... நாப்பத்து நாலு... இல்ல, உங்களுக்குக் கஷ்டம்னா முப்பத்தெட்டு... நீங்க பாத்துக் குடுங்க மேடம்."

நான் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அந்த வாக்கியம் வாயில் வரும் ஒவ்வொரு தடவையும் தட்டு ஒலிக்கும் என்பது விதி. அன்று மதியத்துக்குள் பதினாறு தடவை ஒலித்தது. பக்கத்து வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

"நம்பரச் சொல்லிட்டு நிறுத்தும்மா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்கதான் பேசணும்."

"சும்மா இருந்தா திமிருன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"யோசிக்கறாங்கன்னு அர்த்தம். யோசிக்கற ஆளக் குறுக்க பேசி எதுக்குக் கெடுக்கற?"

அம்மா எழுந்து நின்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "அப்போ அது நெஞ்சு எக்ஸ்ரே மாதிரி."

"என்னது?"

"பொத்தான் அழுத்தினதும் அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிரும். மறுபடி எடுக்கணும்." முதுகை நேராக்கினாள். "மேடம், நாப்பத்து நாலாயிரம் எதிர்பார்க்கறேன்." வாயை மூடினாள். மூச்சைப் பிடித்தாள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்பதில், "...நீங்க பாத்து—"

டங்.

மறுநாளிலிருந்து போன் பயிற்சி. சொல்லிவிட்டுக் கூப்பிட்டால் அவள் தயாராகிவிடுகிறாள் என்று, சொல்லாமல் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு போன், மருந்துக்கடைக்காரர் போன், டைப்பிஸ்ட் அக்காவின் தங்கை போன் என்று புதுப்புது எண்ணிலிருந்து, புதுப்புதுக் குரலில். ஒரு தடவை ஆண் குரலில் பேசி, சளி பிடித்த மேலாளராக வந்தேன். செவ்வாய்க்கிழமை ஆனபோது அம்மா மூணு வார்த்தையில் கண்டுபிடித்துத் திட்ட ஆரம்பித்திருந்தாள். இது எங்கே போய் முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு எதுவுமே அப்போது தோன்றாது, அப்புறம்தான் தோன்றும்.

செவ்வாய் மதியம் மெயிலை அனுப்பினோம். டைப்பிஸ்ட் அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எழுத்துப்பிழையை அவள் திருத்தினாள். "இந்த வேலையில் சேர மிகவும் ஆவலாக இருக்கிறேன். ஒரு திருத்தம் உண்டு. விண்ணப்பத்தில் நியமனக் கடிதம் உள்ள நான்கு ஆண்டுகளை மட்டும் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு முன்பும் அதே இடத்தில் இதே பணியைச் செய்ததற்குக் கதிர்வீச்சு அளவுப் பதிவுகளை இணைத்துள்ளேன். ஒரு காலாண்டுக்கான பதிவு மட்டும் இல்லை. இதைக் கொண்டு கிரேடையும் ஆரம்பச் சம்பளத்தையும் மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று பேச விரும்புகிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கலாம்."

"ஒரு காலாண்டு இல்லைங்கறத நாமளே எதுக்கும்மா சொல்லணும்? நாப்பத்து மூணு தாள யாரு எண்ணப் போறாங்க?" என்றேன்.

"நான் எண்ணுவேன்" என்றாள்.

புதன்கிழமை அம்மாவுக்கு வார விடுமுறை. பத்தரை மணி இருக்கும். நான் கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன், தண்டனையாக, எதற்கென்று மறந்துவிட்டது. உள்ளே அம்மாவின் போன் அடித்தது. புது எண்.

அம்மாவின் குரல் கேட்டது: "ஹலோ... ம்ம்... ஹெச்.ஆர். மேடமா? ஏய் குரங்கு! குரல மாத்தினா எனக்குத் தெரியாதா? இன்னிக்கு யார் போனத் திருடினே? மரியாதையா போன வெச்சிட்டு வந்து அந்தத் துணியப் பிழி, இல்ல உன் காத—"

நான் கையில் சொட்டச் சொட்ட ஒரு தலையணை உறையோடு வாசல்படியில் வந்து நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். மனித முகத்திலிருந்து ரத்தம் அவ்வளவு வேகமாகக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. அதைப் படம் எடுத்திருந்தால் கால் விரலில் தெரிந்திருக்கும்.

முடிந்தது என்று நினைத்தேன். நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். குரங்கு என்று சொன்னவளை எதற்கு எடுப்பார்கள்? மூணு மாசத்தை ஒரு பேட்ஜோடு தொலைத்தது போதாதென்று இப்போது வேலையையும் தொலைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. இதை யாராவது வெளியே சொன்னால் மறுப்பேன்.

அம்மா ஸ்பீக்கர் பொத்தானை எங்கேயோ அழுத்திவிட்டாள் போல. போனிலிருந்து ஒரு பெண் குரல், கரகரப்பாக, வந்தது. "மேடம்... உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கா?"

"மேடம், மன்னிச்சிருங்க மேடம், என் பொண்ணு, ரெண்டு நாளா உங்கள மாதிரியே போன் பண்ணி, பேசறதுக்குப் பழக்கறேன்னு—"

"என் பையன் போன வாரம் என் மேனேஜர் குரல்ல பேசி எனக்கு லீவு குடுத்தான்." அந்தப் பக்கம் சிரிப்பு. அடக்க முடியாத, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. "சரி, பேசலாமா? எதுக்குப் பழகினீங்க, கேப்போமே."

அம்மா சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்தாள். இல்லை, எழுந்து நின்றாள். முதுகு நேராயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற குரல் வெளியே வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், முதல் தடவையாக.

"மொதல்ல நன்றி மேடம். இந்த இடத்துல சேரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. நாலு வருஷம்னு எழுதினது என் தப்பு. பதிவுகள அனுப்பியிருக்கேன்."

"பாத்தேன். இத்தன வருஷத்துத் தாள ஒருத்தர் பத்திரமா வெச்சிருந்து நான் பாத்ததில்ல. கிரேடு மாத்தறதுக்கு இத எடுத்துக்கலாம், எங்க ரேடியாலஜி தலைமை டாக்டரும் ஒத்துக்கிட்டாரு. சம்பளம் எவ்வளவு மனசுல வெச்சிருக்கீங்க?"

"மூணாம் கிரேடுல, என் அனுபவத்துக்கு, நாப்பத்து நாலாயிரம் எதிர்பார்க்கறேன் மேடம். முடியுமான்னு பாருங்க."

நிறுத்தினாள்.

போன் அமைதியானது. சுவர்க்கடிகாரம் கேட்டது. என் கையிலிருந்த உறையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. அம்மாவின் நெஞ்சு மேலே ஏறி அப்படியே நின்றது. மூணு. அஞ்சு. ஏழு. உதடு லேசாகப் பிரிந்தது. "நீ" என்ற எழுத்து அங்கே வந்து நிற்பது எனக்குக் கண்ணுக்கே தெரிந்தது. தட்டு எட்டவில்லை, கரண்டியும் இல்லை. நான் என்னிடம் இருந்ததைச் செய்தேன்: தாடையைத் தூக்கினேன், தோளை முன்னால் தள்ளினேன், கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். உதட்டை மூடினாள். அசையவில்லை.

பதினொன்று.

"நாப்பத்து நாலு எனக்கு முடியாது மேடம்" என்றது போன். "ஏற்கெனவே இங்க அந்த கிரேடுல இருக்கறவங்கள விட அதிகமாப் போகும். நாப்பத்தொண்ணு நானே இப்பவே போடலாம். அதுக்கு மேல தலைமை டாக்டர்கிட்ட கேக்கணும். ஒரு ஆயிரம் கேட்டுப் பாக்கறேன், உறுதி சொல்ல மாட்டேன். அவசர அழைப்புக்கு வந்தா அதுக்குத் தனியா உண்டு, அது மொத கடிதத்துல விட்டுப்போச்சு."

"சரிங்க மேடம். அத கடிதத்துல சேத்துருவீங்களா?"

"சேக்கறேன்."

"ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ சம்பளத்த மறுபடி பாக்க வழி இருக்கா மேடம்?"

"அது எங்க வழக்கத்துல இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவதான்."

"சரிங்க மேடம், புரியுது." பிறகு, உள்ளே கிடந்த அந்த ஒரு பயத்தையும் எடுத்து மேஜையில் வைத்தாள். "நான் இப்படிக் கேட்டதுல... மொத ஆஃபருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"அய்யோ, கேக்கறதுக்காகவா? அது அப்படியேதான் இருக்கு. வெள்ளிக்கிழமை புதுக் கடிதம் அனுப்பறேன், அதுக்குப் பதில் சொன்னாப் போதும். அப்புறம் மேடம்..."

"சொல்லுங்க."

"குரங்குகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. என்ன மாதிரி எப்படிப் பேசும்னு ஒரு நாள் கேக்கணும்."

போன் வைக்கப்பட்டது. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் இன்னும் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தேன்.

"விடலாம்" என்றாள் அம்மா.

விட்டேன். அவளும் விட்டாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வழிய. நடுவில் ஒரு தடவை நிறுத்தி ஈரத் தலையணை உறையால் என் காதில் ஒன்று வைத்தாள். அது நியாயமானது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னோம். குரங்கு வரும் இடத்தில் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரேடு வரும் இடத்தில் கையை எடுத்தார். "கேட்டியா? நீயா? நம்பரச் சொல்லி?" என்று மூணு தடவை கேட்டார். "அப்போ எங்க பணிமனையில நான் கேக்காம இருக்கறது..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் கை கழுவப் போனார். அன்று கை கழுவ ரொம்ப நேரம் ஆனது.

ரெண்டு நாள் அம்மா சாதாரணமாகத்தான் இருந்தாள், போன் அடிக்கும்போது குதிப்பதைத் தவிர. வெள்ளிக்கிழமை மதியம், அவள் சென்டரில் இருந்தபோது, மெயில் வந்தது. ஆள் இல்லாத எக்ஸ்ரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். முதலில் என்னை அடையாளம் காட்டச் சொன்னாள். "நெஜமாவே நீதானா? உன் மூணாவது வகுப்பு டீச்சருக்கு நீ வெச்ச பேரு என்ன?" சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

"நாப்பத்திரெண்டு" என்றாள். "மூணாம் கிரேடு. அவசர அழைப்புக்குத் தனி. எல்லாம் எழுத்துல இருக்கு."

"கையெழுத்துப் போட்டியா?"

"மொதல்ல ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் போட்டு அனுப்பிட்டேன். கெடச்சுதுன்னு பதிலும் வந்திருச்சு. இப்பதான் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்."

"பாத்துச் சொல்லு" என்றேன்.

"அடி" என்றாள்.

சாயங்காலம் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். நான் அதை எழுத்துக் கூட்டி, ஒரு வரி விடாமல் படித்தேன். சம்பளத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. முன் அனுபவம்: பத்து ஆண்டுகள், ஒன்பது மாதங்கள்.

அவர்களும் எண்ணியிருக்கிறார்கள்.

நான் அந்த வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னால் போன மூணு மாசம், ஆஸ்பத்திரியின் முத்திரையோடு, உருளைக்கிழங்கு முத்திரை இல்லை, அசல் முத்திரையோடு, அங்கே இல்லாமல் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்கு வந்த குரல் எதுவும் அதற்குச் சரியாக இல்லை. என் சொந்தக் குரலில், "அந்த மூணு மாசம் நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, பிஸ்கட் டப்பாவில் நாற்பத்து மூணு தாள்களுக்கு மேல் வைத்து மூடினாள். "அதுக்குத்தான் மூணு நாள் தொண்ட கிழியக் கத்தினியே, அந்தக் கணக்கு கழிஞ்சு போச்சு. தாடையத் தூக்கு."

தூக்கினேன். என்னமோ எக்ஸ்ரே படத்தைப் படிப்பவள் போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."